எம்சி கோடு அடிப்புள்ளியைத் தவறவிட்டால் எப்படித் திருத்துவது?

"பிளஸ் ஒன் பொருளியல் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு மாணவி செலவு வளைகோடுகள் படத்தை அழகாகப் போட்டிருக்கிறாள். ஆனால் எம்சி கோடு ஏசி கோட்டை அதன் அடிப்புள்ளியில் வெட்டவில்லை, தள்ளி வெட்டுகிறது. கைப்பிசகு என்று விட்டுவிடலாமா, கருத்துப் பிழை என்று மார்க் குறைக்கவா? குறைத்தால் எவ்வளவு?"

எம்சி என்பது இறுதிநிலைச் செலவு, அதாவது இன்னும் ஓர் அலகு உற்பத்தி செய்ய ஆகும் கூடுதல் செலவு. ஏசி என்பது சராசரிச் செலவு. கையால் போட்ட படத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விலகியிருந்து, பக்கத்தில் "இறுதிநிலைச் செலவுக் கோடு சராசரிச் செலவுக் கோட்டை அதன் குறைந்தபட்சப் புள்ளியில் வெட்டும்" என்று எழுதியும் இருந்தால், மார்க் குறைக்க வேண்டாம். விலகல் பார்த்தவுடனே தெரிகிற அளவில் இருந்தால் குறைக்கத்தான் வேண்டும். ஐந்து மார்க் கேள்வியில் நான் படத்துக்கு இரண்டு ஒதுக்குவேன். அதில் ஒன்றைக் குறைப்பேன். ஒரே ஒருமுறைதான் குறைப்பேன். பொதுத்தேர்வுத் தாள் என்றால் கையிலுள்ள விடைக்குறிப்பு சொல்வதுதான் முடிவு. நான் சொல்வது பள்ளித் தேர்வுக்கும், விடைக்குறிப்பு பேசாமல் விட்ட இடங்களுக்கும்.

ஆனால் சிவப்பு மையால் எம்சி கோட்டின் மேல் வட்டம் போடும் முன் கொஞ்சம் நிதானியுங்கள். இத்தனை வருடம் திருத்தியதில் நான் கண்டது, இந்தப் பிழை எம்சி கோட்டில் தெரிந்தாலும் பல தாள்களில் அங்கே பிறப்பதில்லை. அது பிறந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் எத்தனை மார்க் என்பதும் தெரிந்துவிடும், அந்தப் பெண்ணுக்கு என்ன எழுதிக் கொடுப்பது என்பதும் தெரிந்துவிடும்.

கையில் ஒரு கணக்கை வைத்துக்கொண்டு பேசுவோம். வகுப்பில் நான் எப்போதும் எடுப்பது இதைத்தான். எண்கள் சின்னவை, முடிவுகள் முழு எண்ணாக விழும்.

```
TC = Q³ − 6Q² + 15Q + 32
```

இதில் TC மொத்தச் செலவு, Q உற்பத்தி அளவு. மாறாச் செலவு 32 ரூபாய். மீதி எல்லாம் மாறும் செலவு. ஒவ்வோர் அலகுக்கும் போட்டுப் பார்த்தால் இப்படி வரும்:

| உற்பத்தி | மொத்தச் செலவு | அந்த அலகுக்கான கூடுதல் செலவு | சராசரி மாறும் செலவு | சராசரிச் செலவு |
|---|---|---|---|---|
| 1 | 42 | 10 | 10 | 42 |
| 2 | 46 | 4 | 7 | 23 |
| 3 | 50 | 4 | 6 | 16.67 |
| 4 | 60 | 10 | 7 | 15 |
| 5 | 82 | 22 | 10 | 16.40 |
| 6 | 122 | 40 | 15 | 20.33 |

சராசரிச் செலவு 4 அலகில் 15 ரூபாய் என்று அடிமட்டத்துக்கு வருகிறது. வகைக்கெழு எடுக்கத் தெரிந்தவர்கள் 4 அலகில் இறுதிநிலைச் செலவைப் போட்டுப் பார்த்தால் அதுவும் சரியாக 15. அட்டவணையில் நான்காவது அலகுக்கு நேரே 10 என்று இருப்பது ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம். சராசரி மாறும் செலவு, அதாவது ஏவிசி, 3 அலகில் 6 ரூபாய்க்கு இறங்குகிறது. அங்கே இறுதிநிலைச் செலவும் 6. எம்சி தன்னுடைய அடிமட்டத்தை இவை இரண்டுக்கும் முன்பே, 2 அலகிலேயே, 3 ரூபாயில் தொட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. இரண்டு, மூன்று, நான்கு: அடிப்புள்ளிகள் இந்த வரிசையில் இடமிருந்து வலமாக, கீழிருந்து மேலாகப் படிக்கட்டு மாதிரி ஏறும். இந்தப் படிக்கட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது அந்த மாணவியின் தாளுக்கு வருவோம். முதலில் அடிஸ்கேலை எடுத்து ஏசி கோட்டின் அடிப்புள்ளியிலிருந்து கீழ் அச்சு வரை செங்குத்தாக வைத்துப் பாருங்கள். வெட்டுப்புள்ளி ஸ்கேலுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா? இரண்டுக்கும் நடுவே இருக்கிற அந்தக் குறுகலான பட்டையில்தான் பிழை முழுவதும் இருக்கிறது. பட்டைக்கு வெளியே படம் முழுக்கச் சரியாகவே இருக்கக்கூடும்.

இடப்பக்கம் வெட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் எண்களில் சொன்னால், வெட்டுப்புள்ளி 3 அலகில், அடிப்புள்ளி 4 அலகில். அப்படியென்றால் 3க்கும் 4க்கும் நடுவில் எம்சி கோடு ஏசிக்கு மேலே போகிறது. நான்காவது அலகுக்கு 16.67 ரூபாய்க்கு மேல் செலவாகிறது என்று படம் சொல்கிறது. முதல் மூன்றுக்கு ஏற்கெனவே 50 ரூபாய் ஆகிவிட்டது, அதன் சராசரி 16.67. அதைவிட அதிகச் செலவில் இன்னொன்று சேர்ந்தால் சராசரி ஏறத்தான் முடியும். ஆனால் அதே படத்தில் ஏசி கோடு 15க்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே தாளில் ஒரு கோடு "ஏறுகிறது" என்கிறது, இன்னொரு கோடு "இறங்குகிறது" என்கிறது.

வலப்பக்கம் வெட்டினாலும் இதே கதைதான், தலைகீழாக. அடிப்புள்ளி 4இல், வெட்டுப்புள்ளி 5இல் என்றால், ஐந்தாவது அலகின் செலவு 16.40க்குக் கீழே இருக்கிறது என்று எம்சி சொல்கிறது. நான்குக்கு 60 ரூபாய் ஆகியிருக்கிறது. அதோடு 16.40க்குக் குறைவாக ஒன்றைச் சேர்த்தால் மொத்தம் 76.40ஐத் தாண்டாது, சராசரி 15.28ஐத் தாண்டாது. ஆனால் ஏசி கோடு அங்கே 16.40இல் நிற்கிறது. அந்த உயரத்துக்கு மொத்தச் செலவு 82 ஆகியிருக்க வேண்டும்; ஐந்தாவது அலகு 22 ரூபாயை விழுங்கியிருக்க வேண்டும்.

இதைத்தான் மாணவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது: ஏசி கோட்டைப் போட்டு முடித்த நிமிடமே எம்சி எங்கே போகும் என்பது முடிவாகிவிட்டது. அது தனியாக, நம் இஷ்டத்துக்குப் போடுகிற கோடு இல்லை. ஏசியின் உயரத்தை உற்பத்தியால் பெருக்கினால் மொத்தச் செலவு. அடுத்தடுத்த மொத்தச் செலவுகளைக் கழித்தால் எம்சி. மனப்பாடம் பண்ண வேண்டிய விதி என்று நினைப்பவர்கள்தான் கோட்டைத் தள்ளிப் போடுகிறார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இடப்பக்கம் வெட்டும் படங்களின் பின்னால் பெரும்பாலும் இது இருக்கும். "எம்சி ஏற ஆரம்பித்துவிட்டால் ஏசியும் ஏற ஆரம்பிக்கும்" என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நம் அட்டவணையில் நான்காவது அலகைப் பாருங்கள். கூடுதல் செலவு 4 ரூபாயிலிருந்து 10 ரூபாய்க்கு ஏறிவிட்டது. ஆனாலும் சராசரி 16.67இலிருந்து 15க்கு இறங்குகிறது, ஏனென்றால் 10 என்பது 16.67ஐவிடச் சிறியது. எம்சி ஏறுகிறதா இறங்குகிறதா என்பது சராசரிக்கு ஒரு பொருட்டே இல்லை. எம்சி தனக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை மட்டும்தான் சராசரி பார்க்கும். அந்த மாணவியின் விளக்கத்தில் "எம்சி உயரும்போது ஏசி உயர்கிறது" என்ற வரி இருந்தால், அது கைப்பிசகு இல்லை, கருத்துப் பிழைதான். படத்தில் ஒரு மார்க்கைத் தயங்காமல் குறைக்கலாம்.

சரி, பிழை வேறெங்கோ பிறக்கிறது என்றேனே, அதற்கு வருகிறேன். படத்தில் ஏவிசி கோடும் இருக்கிறதா? இருந்தால் ஏவிசியின் அடிப்புள்ளியும் ஏசியின் அடிப்புள்ளியும் எங்கெங்கே இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில், ஒன்றுக்கு நேர் மேலே இன்னொன்றாக இருந்தால், பிழை கையில் கிடைத்துவிட்டது.

ஒரு தாள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. பையன் நன்றாகப் படிப்பவன். இரண்டு கிண்ணத்தை ஒன்றன் மேல் ஒன்றாக அந்தரத்தில் தொங்கவிட்டதுபோல் ஏவிசியையும் ஏசியையும் வரைந்திருந்தான். இரண்டுக்கும் நடுவே இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவு. எம்சியை ஏவிசியின் அடிப்புள்ளியில் துல்லியமாக வெட்டவிட்டிருந்தான். அதற்கு அப்புறம் அது மேலே போகப் போக ஏசியின் அடிப்புள்ளியை விட்டு விலகி, அரை அங்குலம் வலப்பக்கம் போய் வெட்டியிருந்தது. அந்த இடத்தில் ரப்பரால் மூன்று நான்கு முறை அழித்த தடம், தாள் கிழியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அவனுக்கு விதி தெரியும். அந்த இரண்டாவது அடிப்புள்ளியையும் பிடிக்க அவன் போராடியிருக்கிறான். பிடிக்க முடியாது. இரண்டு அடிப்புள்ளிகளும் ஒரே உற்பத்தி அளவில் இருந்தால், இரண்டு வழியாகவும் போகிற கோடு செங்குத்தாகத்தான் நிற்க வேண்டும். எம்சி செங்குத்துக் கோடு இல்லை. அவன் கை எவ்வளவு திறமையானதாக இருந்தாலும் அந்தப் படம் முடியாது.

அப்படியானால் தவறு எங்கே? அந்த ஒரே அளவு இடைவெளியில். ஏசிக்கும் ஏவிசிக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் சராசரி மாறாச் செலவு. நம் கணக்கில் அது 32ஐ உற்பத்தியால் வகுப்பது: 2 அலகில் 16, 3 அலகில் 10.67, 4 அலகில் 8, 5 அலகில் 6.40. வலப்பக்கம் போகப் போக இடைவெளி குறுகிக்கொண்டே வர வேண்டும். அவன் ஒரே அளவில் விட்டான் என்றால், "மாறாச் செலவு மாறாது" என்பதைச் சராசரி மாறாச் செலவுக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டான் என்று அர்த்தம். மாறாதது மொத்தம். சராசரி விழுந்துகொண்டே இருக்கும்.

இது ஏன் அடிப்புள்ளியை வலப்பக்கம் தள்ளுகிறது என்றும் பார்த்துவிடலாம். 3 அலகுக்கு அப்புறம் ஏவிசி ஏற ஆரம்பிக்கிறது. 6இலிருந்து 7க்கு, ஒரு ரூபாய் ஏற்றம். ஆனால் அதே சமயம் சராசரி மாறாச் செலவு 10.67இலிருந்து 8க்கு, 2.67 ரூபாய் இறங்குகிறது. இறக்கம் பெரிது, அதனால் இரண்டையும் கூட்டிய ஏசி இன்னும் இறங்குகிறது. 4இலிருந்து 5க்குப் போகும்போது ஏவிசி 3 ரூபாய் ஏறுகிறது, மாறாச் செலவின் சராசரி 1.60தான் இறங்குகிறது. இப்போது ஏற்றம் பெரிது, ஏசி திரும்பிவிடுகிறது. ஏசியின் அடிப்புள்ளி எப்போதும் ஏவிசியின் அடிப்புள்ளிக்கு வலப்பக்கம் மேலே இருப்பதற்கு இதுதான் காரணம். எம்சி படிக்கட்டு ஏறுவதுபோல் இரண்டையும் தொட்டுக்கொண்டு போக முடிவதும் இதனால்தான்.

அந்தப் பையனுக்கு நான் எம்சியில் மார்க் குறைக்கவில்லை. ஏசிக்கும் ஏவிசிக்கும் நடுவில் ஒரு அம்புக்குறி போட்டு, "இந்த இடைவெளி எதைக் குறிக்கிறது? 2 அலகிலும் 5 அலகிலும் அது ஒன்றாக இருக்குமா?" என்று எழுதி, அங்கே ஒரு மார்க் குறைத்தேன். இதே பிழைக்காக ஏசியில் ஒன்று, எம்சியில் ஒன்று, விளக்கத்தில் ஒன்று என்று மூன்று இடத்தில் வெட்டுவது நியாயம் இல்லை. வேர் ஒன்றுதான்.

வரைய முடியாத படத்தை வரையச் சொன்ன பெரியவர் ஒருவரும் உண்டு. ஜேக்கப் வைனர் 1931இல் செலவு வளைகோடுகளைப் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையின் அடிப்படைகளில் ஒன்று. நீண்டகாலச் சராசரிச் செலவுக் கோடு எல்லாக் குறுகியகாலக் கோடுகளின் அடிப்புள்ளிகள் வழியாகவும் போக வேண்டும், அதே சமயம் எந்தக் குறுகியகாலக் கோட்டுக்கும் மேலே போகவும் கூடாது என்று தன் வரைஞர் வாங்கிடம் சொன்னார். வாங் கணிதம் தெரிந்தவர், அது முடியாது என்றார். வைனருக்கு அப்போது புரியவில்லை. கட்டுரையின் அடிக்குறிப்பில் அந்த வாக்குவாதத்தையே பதிவு செய்தார். பிற்பாடு கட்டுரை மறுபடி அச்சானபோது, வருங்கால ஆசிரியர்களும் மாணவர்களும் அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டும் இன்பத்தை இழக்கக் கூடாது என்று படத்தைத் திருத்தாமலே விட்டார். அவரிடமிருந்து நான் கற்றது ஒன்று: படத்தில் ஒரு கோடு வரவேண்டிய இடத்துக்கு வர மறுத்தால், கையைக் குறை சொல்லும் முன் அந்தக் கோட்டிடம் நாம் கேட்கும் நிபந்தனைகளைச் சரிபார்க்க வேண்டும். ரப்பரால் தேய்த்த தடம் இருக்கிற தாளை நான் இப்போதெல்லாம் அப்படித்தான் படிக்கிறேன்.

இனி, தண்டிக்கவே கூடாத ஒரு வகை இருக்கிறது. கேள்வியிலேயே அட்டவணை கொடுத்து, கிராஃப் தாளில் வரையச் சொல்லியிருந்தால் வருவது. நம் அட்டவணையை அப்படியே புள்ளி வைத்துப் பாருங்கள். கூடுதல் செலவை மாணவர்கள் நேராக அந்தந்த எண்ணின் மேலேயே வைப்பார்கள்: 4இன் மேல் 10, 5இன் மேல் 22. இரண்டையும் இணைத்தால் கோடு ஏசியை எங்கே வெட்டும்? 4இல் இல்லை, நாலரைக்குச் சற்று முன்பு வெட்டும். அடிப்புள்ளிக்கு வலப்பக்கம், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவில். மாணவி ஒரு தவறும் செய்யவில்லை. கொடுத்த எண்களைக் கொடுத்தபடி வைத்திருக்கிறாள்.

காரணம் இது. 10 ரூபாய் என்பது 3 அலகிலிருந்து 4 அலகுக்குப் போக ஆன செலவு. அது 4க்குச் சொந்தமானது இல்லை, 3க்கும் 4க்கும் நடுவிலிருக்கும் இடத்துக்குச் சொந்தமானது. அதை 3.5இன் மேல் வைக்க வேண்டும், 22ஐ 4.5இன் மேல் வைக்க வேண்டும். அப்படி வைத்து இணைத்துப் பாருங்கள், வெட்டுப்புள்ளி 3.9க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அடிப்புள்ளியோடு கிட்டத்தட்ட ஒட்டிவிட்டது. மீதமிருக்கும் அந்தத் துளி வித்தியாசம் பெரும்பாலும் புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்ததால் வருவது. ஆகவே அட்டவணைக் கேள்வி என்றால் முதலில் நீங்களே ஒருமுறை அந்த எண்களைக் கிராஃப் தாளில் வைத்துப் பார்த்துவிடுங்கள். வகுப்பில் பாதிப்பேர் ஒரே இடத்தில், ஒரே அளவு வலப்பக்கம் தள்ளி வெட்டியிருந்தால், அது பார்த்து எழுதியதும் இல்லை, பிழையும் இல்லை. எண்களின் விளைவு. முழு மார்க் கொடுத்துவிட்டு, நடுப்புள்ளியில் வைக்கும் பழக்கத்தை அடுத்த வகுப்பில் சொல்லிக்கொடுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் கவனியுங்கள், இது பலர் கண்ணுக்குத் தப்பும். எம்சி, ஏசி இரண்டுமே U வடிவம் என்று படித்த மாணவர்கள் சிலர், ஒரு U மேலும் இன்னொரு U கீழுமாகப் போட்டு, கீழே இருக்கும் எம்சி ஏசியின் அடிப்புள்ளியை லேசாகத் தொட்டுவிட்டு மறுபடி அதற்குக் கீழேயே போகும்படி வரைவார்கள். சந்திக்கும் இடம் சரியான இடம்தான். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர்கூட விலகாது. ஆனால் படம் தவறு. அடிப்புள்ளிக்கு வலப்பக்கம் ஏசி ஏறிக்கொண்டிருக்கிறது, எம்சி அதற்குக் கீழே இருக்கிறது; இது முடியாது. எம்சி கீழிருந்து வந்து, வெட்டி, மேலே போக வேண்டும். தொட்டால் போதாது. நான் இதற்கு ஒரு மார்க் குறைப்பேன். மூன்று மில்லிமீட்டர் தள்ளி ஒழுங்காக வெட்டிய படத்துக்குக் குறைக்க மாட்டேன்.

கேள்வி என்ன என்பதைப் பொறுத்தும் கண்டிப்பைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்கும். "செலவு வளைகோடுகளுக்கு இடையேயான தொடர்பை விளக்குக" என்பது கேள்வி என்றால் அந்த வெட்டுப்புள்ளிதான் விடையின் உயிர். நிறைவுப் போட்டியில் நீண்டகாலச் சமநிலை கேட்டிருந்தாலும் அப்படித்தான். அங்கே விலைக்கோடு ஏசியின் அடிப்புள்ளியைத் தொட வேண்டும், எம்சி அதே புள்ளியில் விலைக்கோட்டை வெட்ட வேண்டும். நம் கணக்கில் விலை 15, உற்பத்தி 4. எம்சி தள்ளிப் போய்விட்டால் மாணவர் கையில் இரண்டு புள்ளிகள் இருக்கும், எதைச் சமநிலை என்று குறிப்பது என்றே தெரியாது. பாதிப்பேர் ஏதோ ஒன்றில் E என்று போட்டுவிடுவார்கள். இங்கே படத்தின் இரண்டு மார்க்கில் ஒன்றைக் குறைப்பது நியாயம்தான்.

முற்றுரிமைப் படத்தில் நான் அவ்வளவு கண்டிப்பாக இருக்க மாட்டேன். அங்கே சமநிலை எம்சியும் இறுதிநிலை வருவாயான எம்ஆரும் சந்திக்கும் இடத்தில் முடிவாகிறது, லாபப் பெட்டி அந்த உற்பத்தியில் ஏஆர் என்னும் சராசரி வருவாய், ஏசி ஆகிய இரண்டின் உயரங்களால் முடிவாகிறது. எம்சி ஏசியை எங்கே வெட்டுகிறது என்பது விடைக்குள் வரவே இல்லை. பெட்டி சரியாக இருந்தால் வெட்டுப்புள்ளியை வட்டமிட்டுக் காட்டுங்கள், மார்க்கை விட்டுவிடுங்கள். முற்றுரிமைப் போட்டியின் நீண்டகாலப் படத்தில் மட்டும் ஒரு கண் வைத்திருங்கள். ஏஆர் கோடு ஏசியைத் தொடுவது அடிப்புள்ளிக்கு இடப்பக்கம். எம்சியை அந்தத் தொடுபுள்ளி வழியாகவே விடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, நிறைவுப் போட்டிப் படம் மனதில் பதிந்துபோனதால் வருவது. அந்த உற்பத்தியில் எம்சி ஏசிக்குக் கீழே, எம்ஆரோடு சந்தித்துக்கொண்டிருக்க வேண்டும்.

எம்சி ஏசியை வெட்டாமலே போகும் படமும் சரியாக இருக்கக்கூடும். ஏசி முழுக்க இறங்கிக்கொண்டே போகிறது என்றால், குடிநீர்க் குழாய், மின்கம்பி வலை மாதிரி தொடக்கச் செலவு மிகப் பெரியதாக இருக்கும் தொழில்களில் வரைவது போல, எம்சி கடைசிவரை அதற்குக் கீழேயே இருக்கும். அடிப்புள்ளி இல்லாத கோட்டில் வெட்டுப்புள்ளியைத் தேடக் கூடாது. ஒவ்வோர் அலகுக்கும் ஒரே செலவு, மாறாச் செலவே கிடையாது என்று வைத்துக்கொண்டால் எம்சியும் ஏசியும் ஒரே படுக்கைக் கோடாக ஒட்டிக்கொள்ளும். கல்லூரி மாணவர்கள் இவற்றை வரைவார்கள். பிளஸ் ஒன்னில் அபூர்வம், ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட வேண்டாம்.

உங்கள் மாணவியின் தாளில் என்ன எழுதுவது? "எம்சி தவறு" என்று மட்டும் எழுதினால் அவள் அடுத்த முறையும் ரப்பரைத்தான் எடுப்பாள். வெட்டுப்புள்ளிக்கும் அடிப்புள்ளிக்கும் நடுவிலுள்ள பட்டையை லேசாக நிழலிட்டு, "இந்த இடத்தில் எம்சி ஏசிக்கு மேலே இருக்கிறது. அப்புறம் ஏசி எப்படி இறங்குகிறது?" என்று ஒரு கேள்வி எழுதுங்கள். வலப்பக்கம் தள்ளியிருந்தால் கேள்வியைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வரையும் வரிசையையும் மாற்றிச் சொல்லிக்கொடுங்கள். பெரும்பாலானவர்கள் ஏசியையும் ஏவிசியையும் முதலில் போட்டுவிட்டு, கடைசியில் எம்சியை அவற்றின் அடிப்புள்ளிகள் வழியாக நுழைக்கப் பார்க்கிறார்கள். அது ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி. எம்சியை முதலில் போடச் சொல்லுங்கள்: கொஞ்சம் இறங்கி, திரும்பி, நன்றாக ஏறட்டும். ஏறும் பகுதியில் பென்சிலால் இரண்டு புள்ளி வைக்கட்டும், கீழே ஒன்று, அதற்கு வலப்பக்கம் மேலே ஒன்று. கீழ்ப்புள்ளியைத் தரையாக வைத்து ஏவிசி கிண்ணம், மேல்புள்ளியைத் தரையாக வைத்து ஏசி கிண்ணம். ஒவ்வொரு கிண்ணத்தின் அடியும் அந்தப் புள்ளியில் படுக்கையாக இருக்க வேண்டும். வலப்பக்கம் போகும்போது இரண்டு கிண்ணமும் நெருங்க வேண்டும், ஆனால் ஒட்டக் கூடாது. என் வகுப்பில் இந்த வரிசைக்கு மாறிய பிறகு, எம்சி வழிதவறிய படங்கள் ஒரு கட்டுத் தாளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டன. மிச்சம் இருப்பவை பெரும்பாலும் அந்த ஒரே அளவு இடைவெளிப் படங்கள்தான். அவற்றுக்குச் சராசரி மாறாச் செலவை 2 அலகிலும் 5 அலகிலும் கணக்குப் போட்டுக் காட்டச் சொல்வேன்.